யூரியா 28: நலமா, நோயா?

நிமோனியாவோடு வரும் நோயாளியை மருந்து எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டில் சேர்க்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் கையாளும் மதிப்பெண் முறைகளில் ஒன்று கர்ப்-65. தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் 2003-இல் வெளியான ஆய்விலிருந்து வந்த இந்த முறையில் ஐந்தே கேள்விகள். நோயாளிக்கு மனக்குழப்பம் இருக்கிறதா? இரத்தத்தில் யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலைத் தாண்டிவிட்டதா? நிமிடத்துக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குகிறதா? இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே, அல்லது கீழ் எண் 60-ஓ அதற்குக் குறைவாகவோ இருக்கிறதா? வயது 65 ஆகிவிட்டதா? ஒவ்வொரு ‘ஆம்’ என்ற விடைக்கும் ஒரு மதிப்பெண். 0 அல்லது 1 வந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே சிகிச்சை பெறலாம். 2 வந்தால் மருத்துவமனையை நினைக்க வேண்டும். 3-ம் அதற்கு மேலும் கடுமையான நோய்.

ஐந்தில் நான்கு கேள்விகள் எந்த நாட்டு மருத்துவருக்கும் ஒரே மாதிரிதான். இரண்டாவது கேள்விதான் வம்பு. அந்த 7 என்ற எண்ணை லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகில் சொன்னவர்கள் பிரிட்டன் பழக்கத்தைப் பின்பற்றியவர்கள். இந்தியாவில் பெரும்பாலான ஆய்வகங்கள் யூரியாவை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டுத் தருகின்றன. அமெரிக்காவிலும் மில்லிகிராம்தான், ஆனால் அங்கே அளந்து சொல்லப்படுவது முழு யூரியா அல்ல, யூரியாவுக்குள் இருக்கும் நைட்ரஜனின் எடை. அதை அவர்கள் பி.யூ.என். என்கிறார்கள். பெயரிலும் அலகிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், மருத்துவக் கட்டுரை எழுதுவோர் அதிகம் இடறும் இடங்களில் இதுவும் ஒன்று.

கணக்கு எளிது. யூரியாவின் மூலக்கூறு எடை 60. அதில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள். அவற்றின் எடை 28. ஆகவே யூரியாவின் எடை, அதிலுள்ள நைட்ரஜனின் எடையைப்போல் 2.14 மடங்கு. லிட்டருக்கு 7 மில்லிமோல் என்ற எல்லைக்கோட்டை மில்லிகிராமுக்கு மாற்றினால், யூரியாவாக டெசிலிட்டருக்கு 42 மில்லிகிராம். யூரியா நைட்ரஜனாக 19.6 மில்லிகிராம். அமெரிக்க நூல்களில் இது 19 என்றும் சில இடங்களில் 20 என்றும் இருக்கும். மூன்று எண்களும் ஒரே இரத்தத்தைத்தான் குறிக்கின்றன.

இனி ஒரு கற்பனைக் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் 120 நிமோனியா நோயாளிகளுக்குக் கர்ப்-65 மதிப்பெண் போட்டு, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று பார்த்த ஆய்வு அது. கட்டுரையாளர் மதிப்பெண் விதியை அமெரிக்கப் பாடநூலிலிருந்து எடுத்தார். யூரியா அளவுகளை உள்ளூர் ஆய்வக அறிக்கையிலிருந்து எடுத்தார். கட்டுரையில் ‘யூரியா டெசிலிட்டருக்கு 19 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஒரு மதிப்பெண்’ என்று எழுதிவிட்டார். நைட்ரஜன் என்ற ஒரு சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது.

அதன் விளைவைப் பார்க்கலாம். நோய் ஏதும் இல்லாத பெரியவருக்கே யூரியா ஏறத்தாழ 15-இலிருந்து 40 மில்லிகிராம் வரை இருக்கும். 68 வயது மூதாட்டி ஒருவருக்கு யூரியா 28. மில்லிமோலில் அது 4.7, இயல்பான அளவு. அவருக்கு வயதுக்காக ஒரு மதிப்பெண்தான் சேர வேண்டும். ஆனால் 19-ஐத் தாண்டியதால் யூரியாவுக்கும் ஒன்று விழுந்து, மொத்தம் 2 ஆகிறது. வீட்டுக்குப் போகக்கூடியவர் வார்டுக்குரியவராகக் கணக்கில் ஏறுகிறார். இப்படிப் பலர் ஒரு படி மேலே தள்ளப்பட்டால், 2 மதிப்பெண் பெற்றவர்களின் கூட்டத்தில் உண்மையில் அவ்வளவு நோய் இல்லாதவர்கள் நிரம்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் இறப்பு குறைவாகத் தெரியும். ‘நம் மக்களிடம் கர்ப்-65 ஆபத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறது’ என்று கட்டுரை முடியும். புதிய கண்டுபிடிப்பு போலத் தோன்றும் அந்த வரி, விடுபட்ட ஒரு சொல்லின் விளைவு.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். ஆய்வகம் பி.யூ.என். 30 என்று தந்ததை யூரியா 30 என்று பதிந்து 42-ஐ எல்லையாக வைத்தால், அந்த நோயாளிக்கு மதிப்பெண் கிடைக்காது. அவருடைய யூரியா உண்மையில் 64 மில்லிகிராம், மில்லிமோலில் 10.7. சிறுநீரகம் தளர்ந்துகொண்டிருக்கும் மனிதர் நலமானவர் பட்டியலில் போய் உட்காருகிறார்.

அலகுக் குழப்பங்களில் எண் பெரிதாக மாறும் குழப்பம் அவ்வளவு ஆபத்தில்லை. இரத்தச் சர்க்கரை 5.5 என்று ஒரு வரியிலும் 99 என்று இன்னொரு வரியிலும் இருந்தால், அலகு வேறு என்பது மருத்துவம் படித்த எவருக்கும் உடனே தெரியும். 18 மடங்கு வேறுபாடு கண்ணில் குத்தும். இரண்டு, இரண்டரை மடங்கு வேறுபாடுதான் ஓசையில்லாமல் நுழைகிறது. எந்த அலகில் படித்தாலும் அந்த எண் நம்பக்கூடியதாகவே இருக்கும். வைட்டமின் டி அளவும் இந்த வகைதான். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமும் லிட்டருக்கு 50 நானோமோலும் ஒன்றே. மாற்றுக் காரணி 2.5. அலகில்லாமல் ‘வைட்டமின் டி 30’ என்று எழுதினால் ஒரு நாட்டில் அது போதுமான அளவு, இன்னொரு நாட்டில் குறைபாடு.

இந்தத் தவறை வாசகரே பிடிக்க வழியுண்டு. அட்டவணையில் யூரியாவின் இடைநிலை அளவு, அதாவது அளவுகளை வரிசைப்படுத்தினால் சரிநடுவில் நிற்கும் எண், 26 மில்லிகிராம் என்று இருக்கட்டும். எல்லை 42 என்றால் பாதிப்பேருக்குக் குறைவாகத்தான் யூரியா மதிப்பெண் கிடைத்திருக்க முடியும். பத்தில் எட்டுப் பேருக்குக் கிடைத்ததாகக் கட்டுரை சொன்னால், 19-ஐ வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது வெளிச்சமாகிவிடும். இரண்டு மருத்துவமனைகளின் தரவைச் சேர்த்த ஆய்வென்றால், யூரியா அளவுகளை வரைபடமாக வரைந்து பார்ப்பது நல்லது. ஒன்றின் அளவுகள் மற்றதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக, இரண்டு தனிக் குன்றுகளாக நின்றால், ஓர் ஆய்வகம் யூரியாவையும் மற்றொன்று நைட்ரஜனையும் தந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். ஆய்வக அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பைப் பார்த்தாலே போதும்: 7 முதல் 20 என்றால் நைட்ரஜன், 15 முதல் 40 என்பதை ஒட்டி இருந்தால் யூரியா.

உலக சுகாதாரப் பேரவை 1977-இலேயே மருத்துவத்தில் பன்னாட்டு அலகு முறையைக் கையாளும்படி பரிந்துரைத்தது. பழக்கம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. எனவே மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நடுவழியாக ஒன்றைச் சொல்கிறது: ஆய்வக அளவுகளை உள்ளூர் அலகிலும் பன்னாட்டு அலகிலும் தர வேண்டும், அந்தந்த இதழ் கேட்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கட்டுரையில் ‘யூரியா 46 மி.கி./டெ.லி. (7.7 மில்லிமோல்/லி.)’ என்று எழுதியிருந்தால், எந்த நாட்டில் படிப்பவரும் தடுமாறமாட்டார். இடம் போதாவிட்டால் அட்டவணையின் அடிக்குறிப்பில் ‘மில்லிமோலுக்கு மாற்ற 0.1665-ஆல் பெருக்கவும்’ என்று ஒரு வரி போதும். நீளம், எடை, கன அளவு ஆகியவற்றுக்கு மெட்ரிக் அலகும், வெப்பத்துக்குச் செல்சியசும், இரத்த அழுத்தத்துக்குப் பாதரச மில்லிமீட்டரும் என்று அதே குழு சொல்கிறது. கறாரான இயற்பியலார் பாஸ்கல் கேட்பார்கள். இரத்த அழுத்தத்தைப் பாஸ்கலில் சொன்னால் எந்த மருத்துவருக்கும் மனத்தில் பதியாது.

மாற்றும்போது ஓர் ஒழுங்கு வேண்டும். மூல அளவிலிருந்து ஒரே ஒரு முறை மாற்றி, கடைசியில் மட்டும் முழுமையாக்க வேண்டும். 7 மில்லிமோலை 19.6 ஆக்கி, அதை 19 என்று சுருக்கி, அந்த 19-ஐ மீண்டும் யூரியாவாக்கினால் 40.7 வருகிறது, 42 வரவில்லை. யூரியா 41 உள்ள நோயாளி மூல விதிப்படி மதிப்பெண் பெறாதவர். சுற்றிவந்த விதிப்படி பெறுகிறவர். ஆகவே எல்லைக்கோட்டை அது முதலில் சொல்லப்பட்ட அலகிலேயே வைத்துக்கொண்டு, நோயாளிகளின் அளவுகளை அந்த அலகுக்கு மாற்றுவதே சரி.

மருந்தளவுக்கு வந்தால் தவறு இரண்டு மடங்கில் நிற்காது. இதே ஆய்வில் சில நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் சரிந்து, நார்அட்ரினலின் சொட்டுமருந்து கொடுத்திருப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. 60 கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம். மைக்ரோகிராமின் குறியீடு µg. மில்லிகிராமின் குறியீடு mg. பழைய கணினிக் கோப்புகளில் µ என்ற கிரேக்க எழுத்தைச் சிம்பல் என்ற எழுத்துருவைக் கொண்டு தட்டச்சு செய்வார்கள். அந்த எழுத்துருவில் µ இருக்கும் இடம் ஆங்கில m-இன் இடம். கோப்பு கைமாறி எழுத்துரு மாற்றப்பட்டால், µ அமைதியாக m ஆகிவிடும். 6 மைக்ரோகிராம் 6 மில்லிகிராம் ஆகும், ஆயிரம் மடங்கு. கட்டுரையை எழுதியவர் தவறே செய்யவில்லை, ஆனால் அச்சில் வந்தது ஆளைக் கொல்லும் அளவு. மருந்தளவு வரும் இடங்களில் குறியீட்டை விட்டு, ‘மைக்ரோகிராம்’ என்று முழுச் சொல்லாக எழுதிவிடுவது இதற்கு மருந்து.

புள்ளிக்கும் பூச்சியத்துக்கும் இதே கவனம் வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், மருந்துச் சீட்டில் எழுதக்கூடாதவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 0.5 என்பதை முன்னால் பூச்சியமில்லாமல் .5 என்று எழுதக்கூடாது; புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும். 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி மறைந்தால் 50. ஆனால் ஆய்வக அளவில் 5.0 என்பது பிழையல்ல. கருவி எத்தனை தசமம் வரை அளந்தது என்பதை அந்தப் பூச்சியம் சொல்கிறது, பட்டியலும் அதற்கு விலக்குத் தருகிறது. ஒரே கட்டுரையில் மருந்தளவுக்கு ஒரு விதியும் அளவீட்டுக்கு வேறொரு விதியும் இருப்பது முரண் அல்ல. இரண்டையும் கலப்பதுதான் முரண். லிட்டரின் குறியீட்டுக்கும் ஒரு கதை உண்டு. சிறிய l, 1 என்ற எண்ணைப்போலத் தெரிகிறது என்பதற்காகவே 1979-இல் எடை அளவைகளுக்கான பொதுமாநாடு பெரிய L-ஐயும் அனுமதித்தது.

இந்தியக் கட்டுரைகளுக்கே உரிய சிக்கல் ஒன்று லட்சம். டெங்கு வந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்: பிளேட்லெட் ஒன்றரை லட்சம் இருந்தால் நிம்மதி. நம் ஆய்வகங்கள் கன மில்லிமீட்டருக்கு 1.2 லட்சம் அல்லது 1,20,000 என்று எழுதுகின்றன. இந்தக் காற்புள்ளி முறை வெளிநாட்டு வாசகருக்குப் பழக்கமில்லாதது. 1,20,000-ஐக் கண்டவர் ஓர் இலக்கம் விட்டுப்போயிற்றோ என்று ஐயுறுவார். ஐரோப்பாவின் பல நாடுகளில் காற்புள்ளியே தசமப் புள்ளி என்பதால் குழப்பம் இன்னும் கூடும். லிட்டருக்கு 120 × 10⁹ என்று எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை. கட்டுரையின் ஓர் அட்டவணையில் லட்சமும் இன்னொன்றில் 10⁹-உம் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

அலகுக்கு அடுத்தபடி ஏமாற்றுவது விழுக்காடு. 120 நோயாளிகளில் 60 பேருக்குப் பழைய சிகிச்சை, 60 பேருக்குப் புதிய சிகிச்சை என்று வைத்துக்கொண்டால், முதல் குழுவில் 12 பேரும் இரண்டாவதில் 9 பேரும் இறந்தார்கள். 20 விழுக்காடு, 15 விழுக்காடு. இறப்பு எவ்வளவு குறைந்தது? 5 என்றும் சொல்லலாம், 25 என்றும் சொல்லலாம். முன்னது இரண்டு விழுக்காடுகளுக்கு இடையிலான கழித்தல். அதை ‘5 விழுக்காட்டுப் புள்ளிகள்’ என்று எழுத வேண்டும். பின்னது 20-இல் கால் பங்கு குறைந்ததைச் சொல்லும் ஒப்பீடு. சுருக்கத்தில் 25-ஐயும் உள்ளே 5-ஐயும் எழுதி, எது எதுவென்று சொல்லாமல் விடும் கட்டுரைகள் வாசகரை ஏமாற்றுகின்றன. உண்மையில் வேறுபாடு மூன்றே உயிர்கள்தான். ‘60-இல் 12, 60-இல் 9’ என்று தலைகளை எண்ணிச் சொன்னால் மறைக்க ஒன்றும் இல்லை. வகுக்கும் எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். 120 பேரில் 8 பேருக்கு யூரியா பார்க்கவே இல்லை என்றால், மதிப்பெண் பெற்ற 45 பேரை 112-ஆல் வகுத்தால் 40 விழுக்காடு; 120-ஆல் வகுத்தால் 37.5. எதனால் வகுத்தார்கள் என்பது அந்த வரியிலேயே இருக்க வேண்டும். 112 பேரை வைத்துக்கொண்டு 40.18 விழுக்காடு என்று இரண்டு தசமம் போடுவதும் இல்லாத நுட்பத்தைக் காட்டும் வேலை.

சராசரிக்குப் பக்கத்தில் நிற்கும் ± குறி பெரிய தந்திரசாலி. ‘யூரியா 52 ± 30’ என்றும் ‘52 ± 2.8’ என்றும் ஒரே தரவிலிருந்து எழுத முடியும். 30 என்பது திட்ட விலக்கம். நோயாளிக்கு நோயாளி யூரியா எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்கிறது. 2.8 என்பது திட்டப் பிழை. திட்ட விலக்கத்தை நோயாளிகளின் எண்ணிக்கையான 112-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. சராசரியை எவ்வளவு உறுதியாக மதிப்பிட்டோம் என்பதை மட்டுமே அது சொல்லும். எது என்று சொல்லாமல் 2.8-ஐப் போட்டால், எல்லா நோயாளிகளின் யூரியாவும் 50-ஐ ஒட்டியே இருந்ததாக வாசகர் நினைப்பார். அதனால் ± குறியையே விட்டு, ‘சராசரி 52, திட்ட விலக்கம் 30’ என்று சொல்லாக எழுதும்படி பல இதழ்கள் கேட்கின்றன. இந்த எண்களில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. 52-இலிருந்து 30-ஐ இரண்டு முறை கழித்தால் கழித்தல் 8. யூரியா பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே அளவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன; சிலருக்கு மிக உயர்ந்த யூரியா இருந்து சராசரியை இழுத்திருக்கிறது. இங்கே சராசரிக்குப் பதில் இடைநிலையைத் தருவதே நேர்மை.

சுருக்கெழுத்துகளுக்கு வருவோம். நிமோனியாக் கட்டுரையில் மூச்சு வீதத்தை ஆர்.ஆர். என்பார்கள். புள்ளியியலில் இடர் விகிதமும் ஆர்.ஆர்.தான். ‘புதிய சிகிச்சைக் குழுவில் ஆர்.ஆர். குறைந்திருந்தது’ என்ற வரி, மூச்சு வாங்குவது குறைந்ததா, இறக்கும் இடர் குறைந்ததா? இரண்டுமே பொருந்துவதுதான் சங்கடம். இதய நோய்க் கட்டுரையில் எம்.எஸ். என்றால் மைட்ரல் வால்வு சுருக்கம். நரம்பியலாருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மருந்துச் சீட்டில் மார்பின் சல்பேட். இதனால்தான் தலைப்பில் சுருக்கெழுத்து கூடாது என்றும், முதன்முறை வரும்போது முழுப்பெயரை எழுதி அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தைத் தர வேண்டும் என்றும் ஆசிரியர் குழு விதித்திருக்கிறது. அளவை அலகுகளுக்கு மட்டும் இந்த விதி இல்லை. கட்டுரைச் சுருக்கத்தில் ஒரு முறை, கட்டுரையில் ஒரு முறை, ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும் ஒரு முறை என்று தனித்தனியே விரித்துச் சொல்ல வேண்டும். அட்டவணையை மட்டும் வெட்டி எடுத்து வகுப்பில் திரையிடுபவருக்குக் கட்டுரையின் மூன்றாம் பக்கம் கையில் இருக்காது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வரும் பெயருக்குச் சுருக்கம் வைப்பதே வீண். மிச்சமாகும் எழுத்துகளைவிட வாசகர் பின்னால் புரட்டும் நேரம் அதிகம்.

எழுதி முடித்தபின் இவற்றைச் சரிபார்க்க ஒரு தாள் போதும். கட்டுரையில் அளந்த ஒவ்வொன்றுக்கும் பெயர், அலகு, எத்தனை தசமம், எந்தச் சுருக்கம் என்று ஒரே வரியில் எழுதிவைத்து, பிறகு mg, µg, RR என்று ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லிக் கணினியில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்று நின்று பார்க்க வேண்டும். ‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தானைத் தொடக்கூடாது; மூச்சு வீதத்தோடு இடர் விகிதமும் மாறிவிடும். அச்சுக்கு முன் இதழிலிருந்து வரும் மெய்ப்பில் µ இருந்த இடமெல்லாம் µ-ஆகவே இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்ப்பது கட்டுரையாளரின் வேலை, அச்சகத்தாருடையது அல்ல. அப்போது ஆய்வகத்தின் மூல அறிக்கை ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் யூரியா என்று எழுதியிருப்பது யூரியாதானா, அதன் நைட்ரஜனா என்பதை அந்தத் தாளில் பார்த்த பிறகு மெய்ப்பில் கையெழுத்திடுங்கள்.